ஐந்தாம் பெட்டியிலிருந்து கிளம்பும் அம்பு: ஒரு பாய்வுப்படம் நிரலாகி மீண்டும் படமான நிகழ்வு ஆய்வு

## பின்னணி

நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்கும் 12 பேருக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. வகுப்பு தொடங்கி நான்காவது வாரம். மாறி, `if`, `while`, `for` எல்லாம் தனித்தனியாக அவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன நிரல்களைத் தாங்களாகவே எழுதி ஓட்டவும் செய்தார்கள். அடுத்த கட்டமாக, `while` போன்ற மடக்கும் `if` போன்ற நிபந்தனையும் கலந்த ஒரு பாய்வுப்படத்தை நிரலாக்கும் பயிற்சியைக் கொடுத்தேன்.

பயிற்சிக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் படத்தைப் பார்த்து பைத்தான் நிரல் எழுத வேண்டும். அடுத்த பாதியில் மூலப்படத்தை மூடி வைத்துவிட்டு, தாங்கள் எழுதிய நிரலிலிருந்து மறுபடியும் பாய்வுப்படம் வரைய வேண்டும். இரண்டு படங்களும் ஒத்துப்போனால் நிரல் சரி என்று எடுத்துக்கொள்ளலாம் என நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் இருந்த ஓட்டை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இருவர் இருவராக ஆறு குழுக்கள். மூன்று குழுக்களுக்கு ஒரு படம், மற்ற மூன்றுக்கு வேறொரு படம். இந்த ஆய்வு முதல் படத்தை வாங்கிய ஒரு குழுவைப் பற்றியது. அவர்கள் செய்த தவறு அரிதானது அல்ல. அதை அவர்கள் கண்டுபிடித்த விதத்துக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

## கொடுத்த பாய்வுப்படம்

மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சராசரி காட்டும் படம் அது. -1 கொடுத்தால் உள்ளீடு முடிந்தது என்று பொருள். 0 முதல் 100 வரை இல்லாத எண் வந்தால் "தவறு" என்று காட்டிவிட்டு அடுத்த எண்ணைக் கேட்க வேண்டும். பெட்டிகளுக்கு எண் போட்டுச் சொல்கிறேன், பின்னால் இந்த எண்கள் தேவைப்படும்.

1. கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் சுழியம் (செவ்வகம்)
2. m-ஐ வாங்கு (இணைகரம்)
3. m = -1? ஆம் என்றால் 7, இல்லை என்றால் 4 (சாய்சதுரம்)
4. m < 0 அல்லது m > 100? ஆம் என்றால் 5, இல்லை என்றால் 6 (சாய்சதுரம்)
5. "தவறு" என்று காட்டு, பிறகு 2
6. கூட்டுத்தொகையில் m-ஐச் சேர், எண்ணிக்கையில் ஒன்றைச் சேர், பிறகு 2
7. எண்ணிக்கை = 0? ஆம் என்றால் 8, இல்லை என்றால் 9 (சாய்சதுரம்)
8. "மதிப்பெண் இல்லை" என்று காட்டு, முடி
9. சராசரியைக் காட்டு, முடி

மூன்று சாய்சதுரங்களும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் நிரலில் ஒன்று மடக்கின் வாசல், மற்ற இரண்டும் வெறும் `if`. எது எது என்று வடிவம் சொல்லாது. ஐஎஸ்ஓ 5807 தரத்தில் (1985) மடக்கின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கத் தனிச் சின்னங்கள் உண்டு. ஆனால் வகுப்பறையில் வரையும் படங்களில் அவற்றைப் பார்ப்பது அரிது. சாதாரணப் படத்தில் மடக்கைக் காட்டிக்கொடுப்பது மேல்நோக்கித் திரும்பிப் போகும் அம்பு மட்டும்தான். இந்தப் படத்தில் அப்படி இரண்டு அம்புகள் உண்டு, 5-லிருந்து ஒன்று, 6-லிருந்து ஒன்று. இரண்டும் போய்ச் சேரும் இடம் 2. அதாவது மடக்கு தொடங்குவது எண்ணை வாங்கும் இணைகரத்தில், சாய்சதுரத்தில் அல்ல. வெளியேறும் கேள்வி மடக்கின் நடுவே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். -1 என்பதே சுழியத்துக்குக் கீழான எண். அதனால் 3-ஆம் கேள்வி 4-க்கு முன்னால் வந்தாக வேண்டும். இடம் மாறினால் -1-ஐயும் "தவறு" என்று தள்ளிவிட்டு நிரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

## முதல் முயற்சி

குழுவில் ஒருவர் படத்தை வாசித்துச் சொல்ல, மற்றவர் தட்டினார். 3-ஆம் பெட்டிக்கு வந்ததும் "இங்கேதான் லூப்" என்று முடிவு செய்து `while` எழுதினார்கள். `while` வரியில் m-ஐச் சோதிக்க வேண்டுமானால் m-க்கு முன்கூட்டியே ஒரு மதிப்பு வேண்டும். ஆகவே எண்ணை வாங்கும் வரியை மடக்குக்கு மேலே ஒரு முறையும், மடக்கின் கடைசியில் ஒரு முறையும் எழுதினார்கள்.

```python
total, count = 0, 0                      # 1
m = int(input())                         # 2அ
while m != -1:                           # 3
    if m < 0 or m > 100:                 # 4
        print("தவறு")                    # 5
        continue
    total, count = total + m, count + 1  # 6
    m = int(input())                     # 2ஆ
```

7, 8, 9 பெட்டிகள் மடக்குக்குக் கீழே ஒரு சாதாரண `if`-`else` ஆக வந்தன. அதில் சிக்கல் ஏதும் இல்லை.

இந்த நிரலில் அவர்கள் சரியாகச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தில் உள்ள கேள்வி "m = -1?", அதில் ஆம் என்றால் வெளியே போக வேண்டும். `while`-இல் மெய் என்றால் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே கேள்வியைத் தலைகீழாகத் திருப்பி `m != -1` என்று எழுதினார்கள். பக்கத்துக் குழு படத்தில் இருந்ததை அப்படியே பார்த்து `while m == -1` என்று எழுதியிருந்தது. அந்தத் தவறு உடனே முகம் காட்டிவிடும்: 70 கொடுத்ததும் மடக்குக்குள் நுழையாமலேயே "மதிப்பெண் இல்லை" என்று வந்து நிற்கும்.

நம் குழு 70, 80, -1 கொடுத்துப் பார்த்தது. 75.0 வந்தது. "முடிந்தது" என்றார்கள்.

## என்ன தென்பட்டது

70, 120, 80, -1 கொடுக்கச் சொன்னேன். 120 போட்டு என்டர் தட்டியதும் திரை முழுக்க "தவறு", "தவறு", "தவறு" என்று ஓடியது, நிற்கவில்லை. Ctrl+C அழுத்தி நிறுத்தினார்கள்.

அவர்கள் சந்தேகம் முதலில் போனது நிபந்தனை மேல். `m < 0 or m > 100` என்பதை முன்பின்னாக மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. அடுத்து, `continue`-ஆல்தான் வம்பு என்று அதை நீக்கினார்கள். திரையில் ஓடியது நின்றுவிட்டது. 120-க்கு ஒரே ஒரு "தவறு" வந்தது, அப்புறம் 80 கேட்டது, -1-க்கு முடிந்தது. சராசரி 90.0 என்று காட்டியது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை வந்தது. `continue` போனதும் 5-ஐ அடுத்து 6-ஆம் வரி ஓடுகிறது. 120-ஐத் தவறு என்று சொல்லிவிட்டு அதையே கூட்டுகிறது: 70 + 120 + 80 = 270, மூன்றால் வகுத்தால் 90. முன்பாவது நிரல் தன் தவறைத் திரை முழுக்கக் கொட்டிக் காட்டியது. இப்போது தவறான விடையை அமைதியாகத் தருகிறது. அவர்கள் கண்ணுக்கோ சிக்கல் தீர்ந்துவிட்டது போலத் தெரிந்தது. 75 வர வேண்டிய இடத்தில் 90 வந்திருப்பதை நான் கேட்ட பிறகுதான் பார்த்தார்கள்.

## முதல் முடிவும் அது பலிக்காததும்

இனி நிரலில் கை வைக்க வேண்டாம் என்றேன். `continue`-ஐ மறுபடி போட்டு முதல் நிரலையே கொண்டுவரச் செய்தேன். தவறைத் தேடி அங்கங்கே தட்டிப் பார்ப்பதைவிட, அந்த நிரல் எந்தப் படத்தைச் சொல்கிறது என்று வரைந்து பார்த்தால் மூலப்படத்தோடு முரண்படும் இடம் தானாகத் தெரியும் என்பது என் கணக்கு. பயிற்சியின் இரண்டாம் பாதியே அதுதானே.

பத்து நிமிடத்தில் படம் வந்தது. மூலப்படத்தை அப்படியே அச்சடித்தது போல இருந்தது. 5-லிருந்து அம்பு அழகாக 2-க்குப் போயிருந்தது.

நிரல் தவறு, அதிலிருந்து வரைந்த படம் சரி. இது எப்படி? `continue` வரியைக் காட்டி, இங்கிருந்து அம்பு எங்கே போகிறது என்று கேட்டேன். "அடுத்த எண்ணைக் கேட்கப் போகும்" என்றார் ஒருவர். அந்த வரி என்ன செய்ய வேண்டும் என்று அவர் எண்ணி எழுதினாரோ அதைச் சொன்னார், அந்த வரி என்ன செய்கிறது என்பதை அல்ல. மூலப்படத்தை மூடி வைத்தால் போதும் என்று நான் நினைத்தது தவறு. காகிதத்தை மூடலாம், அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த மனதை எப்படி மூடுவது? ஒருவர் தன் நிரலிலிருந்தே படம் வரையும்போது, கை தன் எண்ணத்தைத்தான் வரைகிறது.

## இரண்டாவது முடிவு: அடுத்த வரி அட்டவணை

இரண்டு மாற்றங்கள் செய்தேன்.

முதலாவது, இந்த நிரலை இரண்டாவது படத்தில் வேலை செய்த ஒரு குழுவிடம் கொடுத்தேன். மதிப்பெண் படத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. நிரல் எதற்காக என்றும் நான் சொல்லவில்லை.

இரண்டாவது, நேராகப் படம் வரைய வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, "இந்த வரி முடிந்ததும் ஓடும் அடுத்த வரி எது?" என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை எழுதச் சொன்னேன். சாதாரண வரிக்கு ஒரு விடை. `if`, `while` வரிகளுக்கு இரண்டு விடைகள், மெய்க்கு ஒன்று, பொய்க்கு ஒன்று. மடக்கின் உடலில் உள்ள கடைசி வரிக்கு அடுத்தது அதன் கீழே இருக்கும் வரி அல்ல, மேலே இருக்கும் `while` வரி. `continue`-க்கும் அதே விடைதான். `break` என்றால் மடக்குக்குக் கீழே உள்ள முதல் வரி.

இந்த நான்கு விதிகளை மட்டும் பலகையில் எழுதினேன். வேறு எதையும் விளக்கவில்லை. புரிந்துகொண்டு வரைவதைவிட, புரியாமல் விதிப்படி எழுதுவதே இந்த வேலைக்கு நல்லது என்று தோன்றியது. புரிதல் நுழையும் இடத்தில் ஊகமும் கூடவே நுழைந்துவிடுகிறது.

அவர்கள் எழுதிய அட்டவணை இது. மெய்க்கான விடை முதலில், பொய்க்கானது அடுத்து.

```
1→2அ   2அ→3   3→4/7   4→5/6   5→3   6→2ஆ   2ஆ→3
```

முதல் குழுவிடம் அதே போல மூலப்படத்துக்கு ஓர் அட்டவணை எழுதச் சொன்னேன். இதில் ஆமுக்கான விடை முதலில்.

```
1→2   2→3   3→7/4   4→5/6   5→2   6→2
```

இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பலகையில் எழுதினோம். 3-இல் 4-உம் 7-உம் இடம் மாறியிருப்பது கேள்வியைத் திருப்பியதால், அது சரிதான். 2 என்பது 2அ, 2ஆ என்று இரண்டானாலும், 6-லிருந்து கிளம்பினால் எண்ணை வாங்கிய பிறகே 3-க்கு வருகிறோம், அதுவும் சரி. மிஞ்சியது ஒன்றே ஒன்று. படத்தில் 5→2, நிரலில் 5→3.

நிரலை எழுதியவர் எழுந்து வந்து, 5→3 என்பதிலிருந்து விரலை வைத்து நடந்து பார்த்தார். 5-லிருந்து 3. m இன்னும் 120, ஆகவே 4. 120 நூறைவிடப் பெரியது, ஆகவே 5. மறுபடி 3. "இந்தச் சுற்றில் m-ஐ மாற்றும் பெட்டியே இல்லையே" என்றார். அன்றைக்கு வகுப்பில் நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான். இப்படிப்பட்ட முடிவிலா மடக்கைக் கண்டறிய அதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: படத்தில் ஒரு வட்டத்தைச் சுற்றி வரும்போது, அந்த வட்டத்தில் உள்ள சாய்சதுரங்கள் எந்த மாறிகளைக் கேட்கின்றனவோ அவற்றில் ஒன்றையாவது மாற்றும் பெட்டி அதே வட்டத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், அந்த வட்டத்துக்குள் போனவர் திரும்புவதில்லை.

## திருத்தம், அதற்கான காரணம்

மூன்று வழிகள் பலகைக்கு வந்தன.

முதல் வழி `continue`-ஐ எடுத்துவிட்டு 6-ஐ `else`-இல் போடுவது. அப்போது 5-உம் 6-உம் ஒன்றாகச் சேர்ந்து 2ஆ-வுக்கு வரும். விடை சரியாக இருக்கும். ஆனால் படத்தில் ஒன்றாக இருக்கும் பெட்டி நிரலில் இரண்டு இடத்தில் நிற்கும். நாளைக்கு உள்ளீட்டு வரியில் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும், ஒன்றை மறப்பது எளிது.

இரண்டாவது, முன்பே கொஞ்சம் பழகியிருந்த ஒருவர் சொன்னது: `while (m := int(input())) != -1:`. பைத்தான் 3.8-லிருந்து இப்படி எழுதலாம். இதில் 2-உம் 3-உம் ஒரே வரியில் இருப்பதால் `continue` போய்ச் சேரும் இடம் 2 ஆகிவிடுகிறது. தவறே இல்லை. ஆனால் வகுப்பில் பலருக்கும் அந்தக் குறி புதிது. அதை அன்றைக்கு விளக்கத் தொடங்கினால் அம்பைப் பற்றிய பேச்சு கலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி.

```python
total, count = 0, 0                      # 1
while True:
    m = int(input())                     # 2
    if m == -1:                          # 3
        break
    if m < 0 or m > 100:                 # 4
        print("தவறு")                    # 5
        continue
    total, count = total + m, count + 1  # 6
```

`while True` என்று எழுதக் கூடாது என்று எங்கோ கேட்டதாக ஒருவர் தயங்கினார். வெளியேறும் வழியே இல்லாமல் எழுதினால்தான் ஆபத்து. இங்கே வெளியேறும் வழி 3-இல் இருக்கிறது, படத்திலும் அது நடுவில்தான் இருக்கிறது. `while True` என்பது ஒரு கேள்வியே அல்ல, ஆகவே அது சாய்சதுரமும் அல்ல. மேல்நோக்கிப் போகும் அம்பு வந்து விழும் இடத்துக்கு வைத்த பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே ஒரு வரி. கேள்வியைத் தலைகீழாக்கவும் தேவையில்லை. புதிய அட்டவணை எழுதிப் பார்த்தோம்: 5→2, 6→2. மூலப்படத்தோடு எண்ணுக்கு எண் பொருந்தியது. 70, 120, 80, -1 கொடுத்ததும் ஒரு "தவறு", அப்புறம் 75.0.

## அடுத்த வாரம்: இரண்டு வாசல் உள்ள மடக்கு

இந்த முறை நிலைக்கிறதா என்று பார்க்க, அடுத்த வாரம் எல்லாருக்கும் வேறொரு படம் கொடுத்தேன். கடவு எண்ணைக் கேள். சரியென்றால் "திறந்தது" காட்டி முடி. தவறென்றால் முயற்சி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு. மூன்றுக்குக் குறைவா? ஆமென்றால் மறுபடி கேள், இல்லையென்றால் "பூட்டப்பட்டது" காட்டி முடி. இரண்டு சாய்சதுரங்கள், மேல்நோக்கி ஓர் அம்பு, வெளியே போக இரண்டு வாசல்கள்.

மேலே போகும் அம்பை முதலில் தேடுவது எல்லாருக்கும் பழகிவிட்டது. மடக்கு எங்கே தொடங்குகிறது என்பதில் யாரும் தடுமாறவில்லை. தடுமாற்றம் வெளியே வந்த பிறகு. ஒரு நிரல் இப்படி இருந்தது, `secret` என்பதில் சரியான கடவு எண் முன்பே இருக்கிறது.

```python
tries = 0
while tries < 3:
    pin = input()
    tries = tries + 1
    if pin == secret:
        break
if tries == 3:
    print("பூட்டப்பட்டது")
else:
    print("திறந்தது")
```

முதல் தடவையே சரியான எண்ணைக் கொடுத்தால் திறக்கும். மூன்று தடவையும் தவறாகக் கொடுத்தால் பூட்டும். இந்த இரண்டையும் சோதித்துவிட்டு நிறுத்தினால் நிரல் சரி என்றே படும். இரண்டு தடவை தவறாகக் கொடுத்து மூன்றாவது தடவை சரியாகக் கொடுங்கள்: `tries` 3 ஆகிவிட்டிருக்கும், சரியான எண் கொடுத்தவருக்கும் "பூட்டப்பட்டது" என்று வரும்.

இதை அட்டவணைக்குப் போகும் முன்பே ஒருவர் பிடித்துவிட்டார். படத்தில் சாய்சதுரங்கள் இரண்டு, நிரலிலோ `while`, `if`, `if` என்று மூன்று. "ஒரு கேள்வி எங்கிருந்து கூடுதலாக வந்தது?" என்று கேட்டார். படத்தில் இரண்டு வாசல்களும் தனித்தனிப் பெட்டிகளுக்கு நேராகப் போகின்றன. நிரலில் இரண்டு வாசல்களும் மடக்குக்குக் கீழே ஒரே இடத்தில் வந்து கலந்துவிட்டன, பிறகு எந்த வாசல் வழியாக வந்தோம் என்று `tries`-ஐப் பார்த்து ஊகிக்கிறது. படத்தில் உள்ளபடி, தவறானால் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால் அந்த ஊகம் பலித்திருக்கும். கூட்டல் ஒரு வரி மேலே ஏறியதால் பலிக்கவில்லை.

கேள்விகளை எண்ணிப் பார்ப்பது புதிய யோசனை அல்ல. தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்த சிக்கல் அளவு, ஒரு நுழைவும் ஒரு முடிவும் கொண்ட நிரலுக்கு, இரு கிளைக் கேள்விகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண்தான். அதன்படி படத்துக்கு 3, நிரலுக்கு 4. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு மதிப்பெண் நிரலே சான்று: அங்கே படத்திலும் மூன்று, தவறான நிரலிலும் மூன்று. கேள்வி கூடியதையும் குறைந்ததையும் எண்ணிக்கை காட்டும். அம்பு இடம் மாறியதை அட்டவணைதான் காட்டும்.

திருத்தம் பைத்தானில் எளிது, `while`-க்கும் ஒரு `else` உண்டு. நிபந்தனை பொய்யாகி மடக்கு முடிந்தால் மட்டும் அது ஓடும், `break` வழியாக வந்தால் ஓடாது.

```python
tries = 0
while tries < 3:
    if input() == secret:
        print("திறந்தது")
        break
    tries = tries + 1
else:
    print("பூட்டப்பட்டது")
```

படத்தில் கீழே இருக்கும் "மூன்றுக்குக் குறைவா?" என்ற கேள்வி இங்கே மேலே வந்துவிட்டது. தொடக்கத்தில் `tries` சுழியம் என்பதால் முதல் தடவை விடை எப்போதும் மெய்தான், ஆகவே நடத்தை மாறாது. இந்த வசதி இல்லாத மொழியில் இரண்டு வழிகள் உண்டு. இதை ஒரு செயற்கூறாக்கி, சரியான எண் வந்ததும் அங்கேயே `return` செய்யலாம். அல்லது எந்த வாசல் வழியாக வந்தோம் என்பதைத் தனி மாறியில் குறித்து வைக்கலாம்.

அந்தத் தனி மாறியைப் பற்றி வகுப்பில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: "எந்தப் படத்தையும் நிரலாக்கிவிட முடியுமா?" முடியும். வரிசை, நிபந்தனை, மடக்கு ஆகிய மூன்றை மட்டும் வைத்து எந்தப் பாய்வுப்படத்தையும் எழுதலாம் என்று கொராடோ போம், ஜுசெப்பே யாகோபினி ஆகிய இருவர் 1966-இல் காட்டினார்கள். ஆனால் மூலப்படத்தில் இல்லாத கூடுதல் மாறிகள் அதற்குத் தேவைப்படலாம். ஒரு மடக்குக்குள் நுழைய இரண்டு வழிகள் இருந்தால், அதாவது வெளியிலிருந்து வரும் ஓர் அம்பு நேராக மடக்கின் நடுவில் போய் விழுந்தால், `break`-உம் `continue`-உம்கூடக் கைகொடுக்காது. ஒரு மாறியைச் சேர்க்க வேண்டும் அல்லது சில பெட்டிகளை இரண்டாக்க வேண்டும். அப்படிப்பட்ட படம் கைக்கு வந்தால், நிரல் எழுதும் முன் படத்தை வரைந்தவரிடம் போய், இந்த அம்பு உண்மையில் இங்கேதான் வர வேண்டுமா என்று கேட்டுவிடச் சொன்னேன். என் அனுபவத்தில் பல தடவை அது வரைந்தவரின் கைத்தவறாகவே இருந்திருக்கிறது.

## என்ன ஆனது

மதிப்பெண் நிரலில் சிக்கிய இருவரும் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் பெட்டி எண்ணை வரிக்குப் பக்கத்தில் குறிப்பாக எழுதத் தொடங்கினார்கள். நான் சொல்லவில்லை. எண் இல்லாத வரி ஒன்று நிரலில் இருந்தால் அது ஏன் இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

நிரலிலிருந்து படம் வரையும் பக்கத்தில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. `for` வந்ததும் சிலர் அதை ஒரே பெட்டியாக வரைந்தார்கள். `for i in range(5)` என்ற ஒரு வரியில் தொடக்க மதிப்பு, கேள்வி, ஒன்றைக் கூட்டுவது என மூன்று பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. `for`-க்குள் இருக்கும் `continue` கூட்டும் பெட்டிக்குப் போகிறது, அதனால் மடக்கு நகர்கிறது. அதையே `while`-ஆக மாற்றி, கூட்டும் வரியை உடலின் கடைசியில் வைத்தால் `continue` அதைத் தாண்டிக் குதித்துவிடும். மதிப்பெண் நிரலில் நடந்ததும் இதே தவறுதான். இந்தத் தொடர்பை நான் சொல்லித்தான் அவர்கள் பார்த்தார்கள், தாங்களாகப் பார்க்கவில்லை.

## அடுத்த முறை மாற்றுவது

சோதனை உள்ளீடுகளை நான் வாய்மொழியாகக் கொடுத்தது போதவில்லை. அடுத்த முறை நிரல் எழுதும் முன்பே, படத்தின் ஒவ்வோர் அம்பின் மீதும் ஒரு தடவையாவது நடக்கும்படி உள்ளீடுகளை அவர்களையே எழுதச் சொல்வேன். மதிப்பெண் படத்துக்கு 70, 120, 80, -1 என்ற ஒரு தொகுப்பும், வெறும் -1 என்ற இன்னொரு தொகுப்பும் போதும், எல்லா அம்புகளும் வந்துவிடும். கடவு எண் படத்தில் இது மட்டும் போதாது. முதலில் சரி, மூன்றும் தவறு என்ற இரண்டு தொகுப்புகளே எல்லா அம்புகளையும் தொட்டுவிடுகின்றன, ஆனால் தவறு மூன்றாவது முயற்சியில் ஒளிந்திருந்தது. எண்ணிக்கை வைத்து நிற்கும் மடக்கு என்றால் கடைசிச் சுற்றில் வெளியேறும் நிலைமையைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

படத்தை வரைபவர் நிரலை எழுதியவராக இருக்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலிருந்தே விதியாக வைப்பேன். ஆள் இல்லாமல் தனியாகப் பயில்பவர் என்றால், எழுதிய நிரலை ஒரு நாள் விட்டு எடுத்து, படம் வரைவதற்கு முன் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி அட்டவணையை நிரப்பலாம். கீழிருந்து போகும்போது கதை மனதில் ஓடாது, ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கும். இதை நானே என் பழைய நிரல் ஒன்றில் செய்து பார்த்தேன். எட்டாவது வரியில் ஓர் அம்பு நான் நினைத்த இடத்துக்குப் போகவில்லை.